உங்களுக்குத் தெரியுமா? ஸ்டோரிபோர்டுக்குத் தெரியாதது நேரம்

ஸ்டோரிபோர்டுக் கட்டம் ஒரு ஷாட்டின் கோணத்தையும் ஆட்கள் நிற்கும் இடத்தையும் சொல்லும். அந்த ஷாட் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைக் காட்டாது. கதவு திறக்கிறது, சிறுமி பார்க்கிறாள், முகம் மாறுகிறது: தாளில் மூன்றும் ஒரே அளவுக் கட்டங்கள். அவற்றையே தற்காலிகக் குரலோடும் ஒலியோடும் எடிட்டிங் டைம்லைனில் அடுக்கினால் அது அனிமேட்டிக். விநாடிக்கு 24 பிரேம் என்ற கணக்கில், அவள் பார்வைக்கு 12 பிரேம் கொடுத்தால் திடுக்கிடுகிறாள்; 72 கொடுத்தால் பயந்து உறைகிறாள்.

அப்படியானால் நேராக அனிமேட்டிக்கிலேயே தொடங்கலாமே என்று கேட்கலாம். அது வீண்செலவு. கட்டமாக இருக்கும்வரை ஒரு படத்தை மாற்றி வரைந்தால் போதும்; டைம்லைனில் ஏறிவிட்டால் குரல், ஒலி, அடுத்துவரும் ஷாட்டுகள் எல்லாமே நகரும். ஆகவே கோணமும் வரிசையும் முடிவான பிறகே அனிமேட்டிக். இருவர் மேசையில் பேசும் நேரடிப் படப்பிடிப்புக்கு அனிமேட்டிக்கே வேண்டாம். பல டேக் எடுத்து எடிட்டிங்கில் நேரத்தைச் சரிசெய்யலாம். அனிமேஷனில் அப்படி வெட்டி எறிய உபரி இருக்காது. அதனால் தவறு அனிமேட்டிக்கிலேயே தெரிய வேண்டும். 1993-இல் 'டாய் ஸ்டோரி'யின் இத்தகைய ரீலைப் போட்டுப் பார்த்தபோது நாயகன் வுடி யாருக்கும் பிடிக்காத கொடுமைக்காரனாகத் தெரிந்தான். தயாரிப்பை நிறுத்திவிட்டுக் கதையைத் திருத்தி எழுதினார்கள்.