வைடு: பேட்டர் நகர்ந்தால் கணக்கு மாறும்

2022 அக்டோபர் 23, மெல்பர்ன். டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானை வெல்ல இந்தியாவுக்குக் கடைசிப் பந்தில் 2 ரன் தேவை. அப்போதுதான் ஆட வந்த அஸ்வினுக்கு முகமது நவாஸ் வீசிய பந்து லெக் பக்கம் விலகிப் போனது. அஸ்வின் அதை அடிக்காமல் விட்டார். அம்பயர் இரு கைகளையும் விரித்தார். ஸ்கோர் சமமானது, பந்தும் கணக்கில் சேரவில்லை. அடுத்த பந்தை மிட்-ஆஃப் மேல் தூக்கி அடித்து அஸ்வின் வெற்றியைத் தந்தார். முந்தைய பந்து அவர் பேடில் லேசாக உரசியிருந்தால்கூட அது வைடு ஆகியிருக்காது.

அம்பயர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: வழக்கமான ஷாட் ஆடினால் இந்தப் பந்து மட்டைக்கு எட்டுமா? ஒரு நாள், டி20 ஆட்டங்களில் ஆஃப் பக்கம் அதற்கு உதவியாக ஒரு கோடு உண்டு. நடு ஸ்டம்பிலிருந்து அது 35 அங்குலம். லெக் பக்கம் கெடுபிடி அதிகம். காலுக்குப் பின்னால் போகும் பந்து பெரும்பாலும் வைடுதான். டெஸ்டில் இவ்வளவு கறார் கிடையாது.

பேட்டர் அசையாமல் நின்றால் தீர்ப்பு எளிது. நகர்ந்தால்தான் சிக்கல். வலது கை பேட்டர் ஒருவர் ஸ்கூப் ஆட ஆஃப் பக்கம் இரண்டடி நகர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோட்டுக்கு வெளியே வந்த பந்து இப்போது அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவரே நகர்ந்து அதை எட்டும்படி செய்துகொண்டதால் அது வைடு அல்ல. அதே பேட்டர் லெக் பக்கம் ஒதுங்கி, ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே வந்த பந்தை எட்ட முடியாமல் தவறவிட்டாலும் வைடு கிடையாது. வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் அடித்திருப்பாரே!

பந்துவீச்சாளருக்கு நெடுநாளாக நியாயம் கிடைக்காத இடம் ஒன்று இருந்தது. அவர் ஓடி வரும்போது பேட்டர் லெக் பக்கம் விலகுவார். அவரைத் தொடர்ந்து பந்தும் அங்கே வரும். கடைசி நொடியில் பேட்டர் பழைய இடத்துக்குத் திரும்பிவிட, வைடு கிடைத்துவிடும். 2022 அக்டோபரில் விதி மாறியது. பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கியது முதல் பேட்டர் எங்கெல்லாம் நின்றாரோ, அங்கிருந்து எட்டக்கூடிய பந்து இப்போது வைடு அல்ல. எனக்கு இது சரியான திருத்தமாகவே படுகிறது.

ஆனால் அம்பயரின் வேலை கூடியிருக்கிறது. பந்தின் பாதை, பேட்டரின் கால்கள் இரண்டும் ஒரு நொடிக்குள் அவர் கண்ணில் பட வேண்டும். ஐபிஎல்லில் 2023 முதல் வைடு தீர்ப்பையும் அணிகள் மறுபரிசீலனைக்கு அனுப்பலாம்.