பெருவிரலுக்கு இரண்டரை நாள்

கால் பெருவிரலில் முள் தைத்தால் அதை உணரும் நரம்புச் செல்லின் உடல் இருப்பது காலில் அல்ல, முதுகெலும்பின் கீழ்ப்பகுதியை ஒட்டி. அங்கிருந்து விரல் நுனிவரை அதன் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள்கிறது. நுனிக்கு வேண்டிய புரதங்களில் பல மேலே தயாராகி, சிறு சவ்வுப் பைகளில் கீழே வர வேண்டும். மிதந்தே வரட்டும் என்று விட்டால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். உண்மையில் இரண்டரை நாளில் வந்துவிடுகிறது.

சுமப்பது கைனசின் என்ற புரதம். 1985இல் ரொனால்ட் வேலும் சக ஆய்வாளர்களும் கணவாயின் பருத்த நரம்பிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். இதற்கு இரண்டு கால்கள். ஓர் ஏடிபி மூலக்கூறைச் செலவழித்தால் ஓர் எட்டு, அதன் நீளம் 8 நானோமீட்டர். பெருவிரலுக்கு 12.5 கோடி எட்டுகள்! சுமார் நூறு எட்டு வைத்ததும் கைனசின் பிடி நழுவிவிடும். அதனால் ஒரே பையைப் பல கைனசின்கள் பற்றியிருக்கும். நுனியிலிருந்து திரும்பும் சரக்கு டைனீன் என்ற வேறொரு புரதத்தின் பொறுப்பு.

இவை நடக்கும் பாதைதான் விசித்திரம். நுண்குழல் எனப்படும் அது 25 நானோமீட்டர் தடிமனுள்ள குழாய். டியூபுலின் என்ற புரதச் செங்கற்களால் ஆனது. ஒவ்வொரு செங்கல்லும் ஜிடிபி என்ற மூலக்கூறை ஏந்திக்கொண்டு வந்து நுனியில் சேரும். சேர்ந்த சற்று நேரத்தில் அந்த ஜிடிபி சிதைய, செங்கல் வெளிப்பக்கமாக வளைய முற்படும். நுனியில் புதுச் செங்கற்கள் தொப்பிபோல மூடியிருக்கும்வரை குழல் வளரும். தொப்பி போனால் வாழைப்பழத் தோல்போல் உரிந்து சடசடவெனச் சுருங்கும். மீண்டும் தொப்பி அமைந்தால் மறுபடி வளரும். ஒரே செல்லில் ஒரு குழல் வளர்கையில் பக்கத்துக் குழல் சரிந்துகொண்டிருக்கும். 1984இல் மிட்சிசனும் கிர்ஷ்னரும் இதைக் கண்டு சொன்னார்கள். செல் பிரியும்போது குரோமோசோம்களைத் தேடிப் பிடிப்பது இப்படி நீண்டும் சுருங்கியும் துழாவுகிற குழல்கள்தான். நரம்பிழையில் பாதையின் பெரும்பகுதி நிலைத்திருக்கும், நுனிகள்தான் அசையும். அதுவும் ஒரே நீளக் குழல் அல்ல. ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் பல துண்டுகள்.

புற்றுநோய்க்குத் தரப்படும் பாக்லிடாக்செல் இந்தக் குழல்களை உரியவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. (செங்காந்தள் கிழங்கிலுள்ள கோல்ச்சிசின் இதற்கு நேர்மாறு, செங்கல்லைப் பற்றிக்கொண்டு கட்டவே விடாது.) குழல் சுருங்க முடியாவிட்டால் செல்லால் ஒழுங்காகப் பிரிய முடியாது, புற்றுச் செல் மடியும். நரம்புச் செல் பிரிவதே இல்லை; ஆனால் அதன் சரக்குப் போக்குவரத்தும் தடுமாறுகிறது. மருந்து தரும் மரமரப்புக்கு இது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. மிக நீண்ட நரம்பு முதலில் வாடுவதால் மரமரப்பு கால் விரல்களில் தொடங்கி, பிறகு கைவிரல்களுக்கு வருகிறது. மருத்துவர் அதிரும் இசைக்கவையை முதலில் பெருவிரல் மூட்டில் வைத்து, “அதிர்வு தெரிகிறதா?” என்று கேட்பது அதனால்தான்.