இரவுக்கு மாதக் கட்டணம், பகலுக்கு மணிக் கட்டணம்

சிங்கப்பூரில் கார் வாங்குவதே பெரிய செலவு. காரின் விலையோடு, பத்து ஆண்டுகளுக்கு அதை ஓட்டுவதற்கான வாகன உரிமைச் சான்றிதழையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தொட்டது. வெள்ளி என்று அங்குள்ள தமிழர்கள் சொல்வது சிங்கப்பூர் டாலரைத்தான். இவ்வளவு கொடுத்து வாங்கிய காரை எங்கே நிறுத்துவது, அதற்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கு மட்டும் பல வீடுகளில் சரியாகப் போடப்படுவதில்லை.

சிங்கப்பூர்வாசிகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறார்கள். வீவக என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தக் கழகமே புளோக்குகளுக்குப் பக்கத்தில் கார் நிறுத்துமிடங்களையும் நடத்துகிறது. அங்கே காரை நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மாதம் பிறந்ததும் மொத்தமாகக் கட்டும் சீசன் பார்க்கிங். இன்னொன்று, நிறுத்திய நேரத்துக்கு மட்டும் கொடுக்கும் கட்டணம்.

2016 டிசம்பரில் நடப்புக்கு வந்த கட்டணப்படி, அந்தப் பேட்டையில் வசிப்பவரின் முதல் காருக்குத் திறந்தவெளி இடமென்றால் மாதம் 80 வெள்ளி. கூரையுள்ள பலமாடி நிறுத்துமிடமென்றால் 110 வெள்ளி. நேரக் கணக்கில் நிறுத்தினால் பெரும்பாலான இடங்களில் அரை மணிக்கு 60 காசு. நகர மையத்தில் மட்டும் திங்கள் முதல் சனி வரை, காலை 7 முதல் மாலை 5 வரை, அரை மணிக்கு 1.20 வெள்ளி. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை எவ்வளவு நேரம் நின்றாலும் 5 வெள்ளிக்கு மேல் போகாது. கூட்டம் மிகுந்த சில நிறுத்துமிடங்களில் தனிக் கட்டணம் உண்டு. ஆனால் பெரும்பான்மையான குடும்பங்களின் கணக்கு இந்தச் சில எண்களுக்குள்தான் ஓடுகிறது.

முதலில் வீட்டுப் பக்கத்தைப் பார்க்கலாம். “பகலெல்லாம் கார் அலுவலகத்தில்தானே நிற்கிறது, ராத்திரிக்கு மட்டும் எதற்கு மாதம் முழுக்கக் காசு கட்ட வேண்டும்?” என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி போலத்தான் தெரியும். ஈசூனில் வசிக்கும் ஒருவர் மாலை 7 மணிக்கு வீடு திரும்பி மறுநாள் காலை 8 மணிக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சீசன் இல்லையென்றால் மாலை 7 முதல் 10.30 வரை மூன்றரை மணி நேரத்துக்கு 4.20 வெள்ளி ஆகும். இரவுக்கு 5 வெள்ளி. காலை 7 முதல் 8 வரை 1.20 வெள்ளி. ஆக, ஓர் இரவுக்கு 10.40 வெள்ளி.

பதினோரு இரவுகளில் இது 114.40 வெள்ளியாகிவிடும். கூரையுள்ள இடத்துக்கான ஒரு மாதச் சீசனையே அது தாண்டிவிடுகிறது. திறந்தவெளி இடமென்றால் எட்டே இரவுகள் போதும். பல நிறுத்துமிடங்களில் ஞாயிறும் பொது விடுமுறையும் காலை 7 முதல் இரவு 10.30 வரை இலவசம். அதைக் கழித்துப் பார்த்தாலும் முடிவு மாறாது. மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவர் தவிர, காரை வீட்டருகே தூங்கவைக்கும் எவருக்கும் சீசன்தான் மலிவு.

சீசன் எடுத்தவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. சிவப்புக் கோடிட்ட இடங்கள் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. வெள்ளைக் கோடிட்ட இடங்கள் எல்லோருக்கும் பொது. இரவு ஒன்பது மணிக்கு மேல் திரும்புகிறவருக்கு இந்த வேறுபாடு காசைவிடப் பெரிதாகத் தெரியும்.

ஆனால் அந்தச் சீசன் வீட்டைச் சுற்றியுள்ள குறிப்பிட்ட நிறுத்துமிடங்களில் மட்டும்தான் செல்லும். அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் வீவக நிறுத்துமிடம்தான் என்றாலும் அங்கே அது செல்லாது. காலையில் கார் புளோக்கை விட்டுக் கிளம்பினால் வீட்டருகே கட்டிய பணத்தில் ஒரு காசு திரும்பாது. வேலையிடத்தில் புதிதாக ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். மாதக் கட்டணமா, மணிக் கட்டணமா என்று இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கார் இருக்கும்வரை முதல் செலவு இருந்தே தீரும். இரண்டாவது செலவு, தினமும் காலையில் சாவியை எடுக்கும்போது மட்டும் பிறக்கிறது.

அதே ஈசூன்வாசிக்கு வேலை தஞ்சோங் பகாரில் என்று கொள்வோம். நகர மையக் கட்டணம் உள்ள ஒரு பொது நிறுத்துமிடத்தில் காலை 9 முதல் மாலை 5.30 வரை காரை விடுகிறார். மாலை 5 வரை எட்டு மணி நேரத்துக்கு 19.20 வெள்ளி. கடைசி அரை மணிக்கு 60 காசு. ஒரு நாளைக்கு 19.80 வெள்ளி. மாதம் 22 வேலை நாட்களுக்கு 435.60 வெள்ளி. வீட்டருகே முப்பது நாள் இரவும் பகலும் நிறுத்த 110 வெள்ளி கொடுக்கிறவர், வேலையிடத்தில் பகல் நேரத்துக்கு மட்டும் அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கொடுக்கிறார்.

இரண்டையும் சேர்த்தால் மாதம் 545.60 வெள்ளி. பெட்ரோலும், வழியில் பிடிக்கப்படும் மின்னியல் சாலைக் கட்டணமும் இதில் சேரவில்லை.

அவரே காரை வீட்டில் விட்டுவிட்டு எம்ஆர்டி ரயிலில் போனால், போய்வர ஆறு வெள்ளிக்குள் முடிந்துவிடும். ஆறு வெள்ளி என்றே வைத்தாலும் 22 நாட்களுக்கு 132 வெள்ளி. சீசனையும் கூட்டினால் 242 வெள்ளி. மாதத்துக்கு 303.60 வெள்ளி மிச்சம். ஆண்டுக்கு மூவாயிரத்து அறுநூறு வெள்ளிக்கும் மேல்.

இதற்கு நடுவிலும் ஒரு வழி இருக்கிறது. மாலையில் பிள்ளைகளை வகுப்பிலிருந்து அழைத்துவர வேண்டிய நாட்களில், வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் காரில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் எட்டு நாள் கார், பதினான்கு நாள் ரயில். நிறுத்தக் கட்டணம் 158.40, ரயில் 84, சீசன் 110 என மொத்தம் 352.40 வெள்ளி. கார் தேவைப்படும் நாளில் அது கையில் இருக்கிறது. தேவைப்படாத நாளில் கடிகாரம் ஓடவில்லை.

வேலையிடம் நகர மையத்துக்கு வெளியே இருந்தால் கணக்கு வேறு. தோ பாயோவில் அரை மணிக்கு 60 காசு வாங்கும் நிறுத்துமிடத்தில் அதே எட்டரை மணி நேரத்துக்கு 10.20 வெள்ளிதான். மாதத்துக்கு 224.40, சீசனோடு 334.40 வெள்ளி. தனியாக ஓட்டிப் போகிறவருக்கு இப்போதும் ரயிலே மலிவு. கணவனும் மனைவியும் ஒரே காரில் ஒரே பக்கம் போனால் இருவரின் ரயில் செலவையும் எண்ண வேண்டும். அது 264 வெள்ளி, சீசனோடு 374. நிறுத்தக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் கார் 40 வெள்ளி போல முந்துகிறது. பெட்ரோல் அந்த இடைவெளியைத் தின்றுவிடும் என்றாலும், மூன்றாவதாக ஒரு நண்பரையும் ஏற்றிக்கொண்டால் காரில் போவதற்குக் காசுக் கணக்கிலேயே காரணம் கிடைத்துவிடுகிறது. மோட்டார் சைக்கிளுக்கோ பொது நிறுத்துமிடத்தில் ஒரு பகலுக்கு 65 காசுதான். 22 நாட்களுக்கு 14.30 வெள்ளி. அவர்கள் இந்தக் கணக்கெல்லாம் போட வேண்டியதில்லை.

தினமும் காரில்தான் போயாக வேண்டும் என்பவர்கள் அலுவலகத்தருகே தனியார் கட்டடங்கள் தரும் மாதச் சீசனை நாடுவார்கள். இதன் விலை கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். எவ்வளவு சொன்னாலும் சரிபார்க்க ஒரே ஒரு வகுத்தல் போதும். கேட்கும் மாதத் தொகையை ஒரு நாளைய மணிக் கட்டணத்தால் வகுக்க வேண்டும். நகர மையத்தில் ஒரு கட்டடம் 350 வெள்ளி கேட்கிறது, பக்கத்தில் ஒரு நாளைக்கு 19.80 ஆகிறது என்றால் விடை பதினெட்டு நாள். மாதம் பதினெட்டு நாளுக்கு மேல் காரில் வருகிறவருக்கு அந்தச் சீசன் லாபம். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர் மாதத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள்தான் வருவார். அவருக்கு நட்டம். பெருந்தொற்றுக்கு முன் எடுத்த அலுவலகச் சீசனை, வேலை முறை மாறிய பிறகும் அப்படியே புதுப்பித்துக்கொண்டிருப்பவர்கள் இந்த வகுத்தலை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

மணிக் கட்டணத்தில் நிறுத்துகிறவர்கள், நிறுத்துமிடம் எந்த வகை என்பதையும் கவனிக்க வேண்டும். தடுப்புக் கம்பியோடு மின்னியல் முறையில் இயங்கும் வீவக நிறுத்துமிடங்களில் நிமிடக் கணக்கில்தான் பணம் பிடிக்கப்படும். கூப்பன் வைக்கும் இடங்களில் அரை மணியே அளவு. ஐந்து நிமிடம் கூடினாலும் அடுத்த அரை மணிக்கும் கூப்பன் இருக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம். 2017-இல் வந்த Parking.sg செயலி இந்தச் சிக்கலைக் குறைத்தது. கூட்டம் நீண்டுபோனால் இருக்கையில் இருந்தபடியே நேரத்தை நீட்டித்துக்கொள்ளலாம். சில நிறுத்துமிடங்களில் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் வாங்குவதில்லை என்ற உச்சவரம்பு உண்டு. நுழைவாயில் பலகையைப் படித்துவிட்டு நுழைகிறவருக்குத்தான் அது பயன்படும்.

சீசன் எடுத்தவர் பார்க்க வேண்டியது வேறு. சீசன் காலாவதியானாலும் தடுப்புக் கம்பி வழக்கம்போல் திறக்கும். சத்தமில்லாமல் மணிக் கட்டணம் பிடிக்கப்படத் தொடங்கும். வெளியேறும்போது திரையில் கழிக்கப்பட்ட தொகை தெரிகிறதா என்று பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு செய்துவிட்டால் இந்தக் கவலை இல்லை. காரை மாற்றினால் புதிய வாகன எண்ணுக்குச் சீசனை மாற்றிக்கொள்ளவும் மறக்கக் கூடாது.

ஆக, வீட்டருகே சீசனை எடுத்துவிடுங்கள். மாதத்தில் பதினோரு இரவுக்கு மேல் கார் அங்கே நிற்குமென்றால் அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அதன் பிறகு அந்த 110 வெள்ளியை மறந்துவிட்டு, வேலையிடத்தின் ஒரு நாள் கட்டணத்தை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். “மாதக் காசு கட்டியாயிற்றே, கார் சும்மா நிற்கலாமா?” என்று தோன்றும் காலையில், காரை எடுத்தால் இன்னும் 19.80 வெள்ளி போகும் என்பதுதான் கணக்கு.