சீன மொழி பேசிய முகம்

ஓல்கா லோயெக் உக்ரைன் பெண். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே, 2023 இறுதியில் யூடியூபில் பேச ஆரம்பித்தார். சில வாரங்களில் பார்வையாளர்களிடமிருந்து விசித்திரமான செய்திகள் வந்தன. ‘உங்களைச் சீனத் தளங்களில் பார்த்தோம், அங்கே நீங்கள் ரஷ்யப் பெண்ணாமே?’

தேடிப் பார்த்தார். அவருடைய முகம், அவருடைய அறை. ஆனால் பெயர் நடாஷா. சரளமாக மாண்டரின் பேசினாள். ஓல்காவோ அந்த மொழி பேசுபவர் அல்ல. கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டபோதுதான் அவள் என்ன சொல்கிறாள் என்பது புரிந்தது: சீனாவும் ரஷ்யாவும் எத்தனை நெருங்கிய நண்பர்கள் என்று புகழ்ந்துவிட்டு, ரஷ்ய மிட்டாய்களை விற்றாள். ரஷ்யா குண்டு வீசிக்கொண்டிருந்த நாட்டில் பிறந்தவரின் வாயில் அந்தப் பேச்சு. எந்தப் பொருளை விற்றார்கள் என்பதைவிட இதுதான் பெரிய கொடுமை என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் அப்போது பிரபலமானவர் அல்ல. போலி விளம்பரம் செய்பவர்களுக்குப் பிரபலம் தேவையும் இல்லை. நல்ல வெளிச்சத்தில், கேமராவை நேராகப் பார்த்து, தலையை அதிகம் அசைக்காமல் ஒருவர் பேசும் வீடியோ இருந்தால் போதும். யூடியூபில் பேசுபவர்கள் எல்லோரும் அப்படித்தான் உட்காருகிறார்கள். விற்பனைப் பேச்சை எழுதிக் கொடுத்தால் ஒரு மென்பொருள் அதைக் குரலாக்குகிறது. இன்னொன்று அந்தக் குரலின் ஒவ்வொரு ஒலிக்கும் ஏற்ப உதடுகளையும் தாடையையும் மட்டும் புதிதாக வரைந்து, பழைய வீடியோவின் மேல் பொருத்துகிறது. கண்கள், முடி, கையசைவு எல்லாம் நிஜம். அதனால்தான் நம்பிவிடுகிறோம்.

ஒட்டுவேலை தெரிகிற இடமும் அதுவே. பற்கள் தனித்தனியாக இல்லாமல் ஒரே வெள்ளைப் பட்டையாகத் தெரியும். கை வாயைக் கடக்கும்போது விரலோரம் மங்கும். ஒரே தலையசைப்பு, ஒரே கையசைவு திரும்பத் திரும்ப வரும். பேச்சு சூடாகும் இடத்தில் முகம் சூடாகாது. ஆனால் கைபேசியின் சின்னத் திரையில், வேகமாகத் தள்ளிக்கொண்டே பார்ப்பவர் கண்ணில் இவை படுவது கடினம். தொழில்நுட்பமும் மாதாமாதம் தேறிவருகிறது.

சட்டம் இல்லாமலும் இல்லை. ஒருவர் முகத்தையோ குரலையோ மாற்றும் சேவைகள் அவரிடம் தனியாகச் சம்மதம் பெறும்படி பயனாளருக்கு நினைவூட்ட வேண்டும் என்று சீனாவில் 2023 ஜனவரி 10 முதலே விதி இருக்கிறது. ஓல்காவின் முகம் திருடப்பட்டது அதற்குப் பிறகுதான். சில கணக்குகளில் ‘செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டிருக்கலாம்’ என்ற குறிப்புகூட இருந்தது. அந்த வரி பார்ப்பவருக்குத்தான் எச்சரிக்கை. முகத்துக்கு உரியவரிடம் அனுமதி கேட்டதாகாது.

2024 தொடக்கத்தில் ஓல்கா தன் சொந்த முகத்தோடும் குரலோடும் யூடியூபில் வந்து, நடந்ததைச் சொன்னார். அதற்குள் போலிக் கணக்கு ஒன்றைப் பின்தொடர்ந்தவர்கள் 3 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். நிஜ ஓல்காவுக்கு அத்தனை பேர் இல்லை.