முப்பதாம் நாளுக்குக் காத்திருந்தால் காப்புறுதி காத்திருக்காது

"பிள்ளைக்கு இன்னும் பேரே வைக்கல, அதுக்குள்ள என்னாத்த பாரம் எழுதுறது?"

செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டும் தம்பி ஒருவர் தோட்ட ஆபீசில் கேட்ட கேள்வி இது. அவருக்கு மார்ச் 3-ஆம் தேதி பெண் குழந்தை பிறந்தது. தோட்ட நிர்வாகம் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் குழு மருத்துவக் காப்புறுதி எடுத்திருந்தது. தம்பியின் பெயரும் மனைவியின் பெயரும் மூத்த பையனின் பெயரும் அதில் இருந்தன. "புதுப் பிள்ளையையும் சேர்த்துடுப்பா" என்று பெரிய கிராணி சொன்னார். தம்பியோ முப்பதாம் நாள் சடங்கு முடியட்டும் என்று இருந்துவிட்டார்.

ஏப்ரல் 1-ஆம் தேதி சடங்கு நடந்து பெயரும் வைத்தாயிற்று. மறுநாள் தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் பிறப்புப் பத்திரம் எடுத்தார். அங்கே யாரும் தாமதம் என்று சொல்லவில்லை, அபராதமும் இல்லை. நிம்மதியாக வந்து, 6-ஆம் தேதி ஆபீசில் நகலைக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கெடு முடிந்துவிட்டதாம், அடுத்த ஆண்டு ஜனவரியில் காப்புறுதி புதுப்பிக்கும் போதுதான் குழந்தையைச் சேர்க்க முடியுமாம்.

மே மாதம் ஓர் இரவு குழந்தைக்கு மூச்சு இரைத்தது. பக்கத்தில் இருந்தது தனியார் மருத்துவமனை. அவசரத்தில் அங்கே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருத்துவ அட்டையைக் காட்டினால் குழந்தையின் பெயர் பட்டியலில் இல்லை, முன்பணம் கட்டச் சொன்னார்கள். குழந்தை நான்கு நாளில் தேறிவிட்டது. மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது.

தம்பி சட்டத்தை மீறவில்லை, பொய் சொல்லவுமில்லை. அவர் தவறியது ஒரே இடத்தில்தான். இரண்டு வெவ்வேறு கெடுக்களை ஒன்று என்று எண்ணிவிட்டார்.

முதல் கெடு பிறப்பைப் பதிவு செய்வதற்கு. தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்து 60 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இது அரசாங்கத்தின் கணக்கு. இரண்டாவது கெடு காப்புறுதியில் சேர்ப்பதற்கு. இதை வைப்பது சட்டமல்ல, முதலாளிக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தம். ஆகவே இது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். பல ஒப்பந்தங்களில் 30 நாள் என்று இருக்கும். தம்பியின் ஒப்பந்தத்தில் பிறந்த நாளிலிருந்து 30 நாள். பதிவிலாகாவில் அவருக்கு இன்னும் ஒரு மாதம் மிச்சம் இருந்தது. காப்புறுதியில் ஒரு நாளும் மிச்சமில்லை.

எதற்காக இப்படி ஒரு கெடு? குடும்பத்தில் எல்லோரும் நன்றாக இருக்கும்போது விட்டுவிட்டு, ஒருவர் நோயில் விழுந்த பின் சேர்க்க வருவார்கள் என்று காப்புறுதி நிறுவனம் அஞ்சுகிறது. புதிதாகப் பிறந்த குழந்தைக்கும் புதிதாக மணம் முடித்த மனைவிக்கும் ஆண்டின் நடுவில் ஒரு சிறிய வாசல் திறந்து வைக்கிறார்கள். அது மூடிய பிறகு, புதுப்பிக்கும் நாள் வரை நிற்க வேண்டும், அல்லது உடல்நல அறிவிப்புப் பாரம் நிரப்பி அவர்கள் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டும். இடையில் குழந்தைக்கு ஏதேனும் நோய் கண்டிருந்தால், அது முன்பே இருந்த நோய் என்று தள்ளப்படவும் கூடும்.

அதே மார்ச் 3-ஐ வைத்துச் சரியான வழியைப் பார்ப்போம்.

பிரசவத்துக்கு முன்பே மனைவியோடு பேசி ஒரு பெயரை முடிவு செய்துவிடுங்கள். பதிவில் எழுதுகிற பெயரையே முப்பதாம் நாள் குழந்தையின் காதில் சொல்லலாம், சடங்குக்கு எந்தக் குறையும் வராது. ஜோசியர் எழுத்துச் சொல்ல வேண்டும் என்றால், பிறந்த நேரம் தெரிந்த அன்றே கேட்டுவிடுங்கள்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது பிறப்பை உறுதிப்படுத்தும் கடிதம் தருவார்கள். அதையும், பெற்றோர் இருவரின் மைகார்டையும், திருமணப் பத்திரத்தையும், கர்ப்பகாலப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே பதிவிலாகாவுக்குப் போங்கள். பச்சை உடம்புக்காரி அலைய வேண்டியதில்லை, தகப்பன் போகலாம். 2023 ஜனவரி 1 முதல், மணமான தகப்பனுக்குச் சம்பளத்தோடு 7 நாள் விடுப்பு உண்டு. அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், பிரசவத்துக்கு 30 நாள் முன்பே, அல்லது பிள்ளை பிறந்த பின் கூடிய சீக்கிரத்தில், தெரிவித்திருக்கவும் வேண்டும். அந்த ஏழு நாளில் ஒரு நாளை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலில் தாலி கட்டியும் திருமணத்தைப் பதியாதவர்கள் இங்கேதான் சிக்குவார்கள். அப்படிப்பட்ட நிலையில் தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்திட்டால்தான் தகப்பன் பெயர் பத்திரத்தில் ஏறும். பத்திரத்தில் தகப்பன் பெயர் இல்லாவிட்டால், அவர் பிள்ளையாகக் காப்புறுதியில் சேர்ப்பதும் சிரமம். இவர்கள் இருவருமே போக வேண்டும்.

பத்திரம் கைக்கு வந்ததும் சேர்க்கைப் பாரத்தை நிரப்புங்கள். பெயரையும் எண்ணையும் பத்திரத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பாரம் திரும்பி வரும், அதற்குள் கெடு ஓடிவிடும். ஏதோ காரணத்தால் பத்திரம் தாமதமானால் சும்மா இருக்காதீர்கள். மருத்துவமனைக் கடிதத்தை வைத்துப் பாரத்தைக் கொடுத்து, பத்திரம் பின்னால் தரலாமா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் இதை ஏற்கும்.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. கிராணியிடம் கொடுத்த நாள் கணக்கல்ல. தலைமை அலுவலகம் வழியாகக் காப்புறுதி நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளைத்தான் பல நிறுவனங்கள் பார்க்கும். ஆகவே பிறந்த நாளையே முதல் நாளாக எண்ணி, மார்ச் 17-க்குள், அதாவது பதினைந்தாம் நாளுக்குள் ஆபீசில் கொடுத்துவிடுங்கள். மீதி நாட்கள் காகிதம் பயணம் போவதற்கு. கொடுத்த தேதியோடு ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாரம் கொடுத்ததும் பாதுகாப்பு தொடங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். பல ஒப்பந்தங்களில் குழந்தைக்கு 15 நாள் நிறைந்த பிறகே அது தொடங்கும். பிறந்த முதல் வாரத்தில் வரும் மஞ்சளுக்கு விளக்கு வைத்துச் சிகிச்சை செய்தால், அந்தச் செலவு பெரும்பாலும் இதில் வராது. பிறவிக் கோளாறுகளையும் பல ஒப்பந்தங்கள் விலக்கி வைக்கின்றன.

பணமும் முழு ஆண்டுக்குக் கட்ட வேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு ஆண்டுச் சந்தா 360 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 18 முதல் டிசம்பர் 31 வரை 289 நாள். அந்த நாட்களுக்கு ஏறக்குறைய 285 வெள்ளிதான் வரும். சில இடங்களில் இதையும் முதலாளியே கட்டுவார்.

சம்பளச் சீட்டில் பணம் பிடித்ததைப் பார்த்துவிட்டுச் சேர்ந்தாயிற்று என்று நம்பிவிடாதீர்கள். குழந்தையின் பெயரும் தொடங்கும் தேதியும் எழுதிய உறுதிக் கடிதமோ, புதிய பெயர்ப் பட்டியலோ, அட்டையோ உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் வரவில்லையென்றால் போய்க் கேளுங்கள்.

வீட்டில் இப்போது யாராவது முழுகாமல் இருக்கிறார்களா? நாளைக்கே ஆபீசில் மூன்று கேள்வி கேளுங்கள். "நம்ம காப்புறுதியில பிள்ளைங்களுக்கும் இடம் இருக்கா? பிறந்து எத்தனை நாளுக்குள்ள சேர்க்கணும்? அந்த நாளை எதிலிருந்து எண்ணுறாங்க?" சில ஒப்பந்தங்கள் பிறந்த நாளிலிருந்து எண்ணும், சில 15 நாள் நிறைந்த நாளிலிருந்து எண்ணும். பதிலை எழுத்தில் வாங்கி, கர்ப்பகாலப் புத்தகத்தின் உள்ளே வைத்துவிடுங்கள். பதிவிலாகாவுக்குப் போகும் அன்று அந்தப் புத்தகம் எப்படியும் உங்கள் கையில் இருக்கும்.