பங்கு பத்து ரூபாய் அசைந்தால் ஆப்ஷன் எவ்வளவு அசையும்?

பங்கு பத்து ரூபாய் ஏறுகிறது. கையிலிருக்கும் கால் ஆப்ஷன் 5 ரூபாய் 72 பைசா ஏறுகிறது. அதே பங்கு பத்து ரூபாய் இறங்கினால், ஆப்ஷனில் குறைவது 5 ரூபாய் 16 பைசாதான். ஏறும்போது கூடுதலாகவும் இறங்கும்போது குறைவாகவும் அசைவது ஏன்? புதிதாக ஆப்ஷன் பக்கம் வருகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்பேன்.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். இன்றைய விலை 1000 ரூபாய். இன்னும் 30 நாளில் முடியும் கால் ஆப்ஷன். ஸ்டிரைக் விலையும் 1000. அதாவது, கடைசி நாளில் பங்கு என்ன விலைக்குப் போனாலும் 1000 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. ஆண்டுக்கு 25 சதவீத ஏற்ற இறக்கம், 6.5 சதவீத வட்டி, டிவிடெண்ட் இல்லை என்று வைத்து, பிளாக்கும் ஷோல்ஸும் 1973-இல் வெளியிட்ட சூத்திரத்தில் போட்டால் பிரீமியம் 31 ரூபாய் 25 பைசா வருகிறது.

இதன் டெல்டா 0.544. பங்கு ஒரு ரூபாய் நகர்ந்தால் ஆப்ஷன் சுமார் 54 பைசா நகரும் என்று பொருள். அப்படியானால் பத்து ரூபாய்க்கு 5.44 அல்லவா வர வேண்டும்? பங்கு நகர நகர டெல்டாவும் மாறுவதால் அப்படி வருவதில்லை. பங்கு ஏறினால், உரிமை பலன் தரும் வாய்ப்பு கூடுகிறது. ஆப்ஷன் மேலும் மேலும் பங்கைப் போலவே நடக்கத் தொடங்குகிறது. ஒரு ரூபாய் நகர்வுக்கு டெல்டா எவ்வளவு மாறும் என்பதே காமா. இங்கே அது 0.0055. பங்கு 1010-க்குப் போனால் டெல்டா 0.60, 990-க்கு வந்தால் 0.49.

காமாவால் வரும் தொகையைக் கணக்கிடுவது எளிது. காமாவில் பாதியை, நகர்வின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும்: பத்தின் வர்க்கம் 100, விடை சுமார் 28 பைசா. ஏற்றத்தில் 5.44-உடன் அதைக் கூட்டினால் 5.72; இறக்கத்தில் கழித்தால் 5.16. வர்க்கம் என்பதால் திசை எதுவானாலும் இந்த 28 பைசா வாங்கியவர் பக்கமே சேருகிறது.

இதையே விற்றவர் பக்கமிருந்து பாருங்கள். லாட்டுக்கு 1000 பங்கு என்று கொள்வோம். ஆப்ஷனை விற்றவர், தம்மைக் காத்துக்கொள்ள டெல்டா கணக்குப்படி 544 பங்குகளை வாங்கி வைக்கிறார். பங்கு பத்து ரூபாய் ஏறினால் பங்குகளில் 5,440 லாபம், ஆப்ஷனில் 5,720 நஷ்டம். இறங்கினால் பங்குகளில் 5,440 நஷ்டம், ஆப்ஷனில் 5,160 லாபம். இரண்டிலும் அவருக்கு 280 ரூபாய் கைவிட்டுப் போகிறது.

பிறகு ஏன் விற்கிறார்? நாள் கழியக் கழியப் பிரீமியம் கரைகிறது. பங்கு வாங்கிய பணத்துக்கான வட்டி போக, நாளொன்றுக்கு லாட்டுக்குச் சுமார் 470 ரூபாய் அவருக்கு மிஞ்சும். ஆகவே பங்கு ஒரு நாளில் பத்து ரூபாய் மட்டும் நகர்ந்தால் அவருக்கு லாபம். இருபது நகர்ந்தால் காமா எடுத்துக்கொள்வது 1,100 ரூபாய்; நஷ்டம். எல்லைக்கோடு 13 ரூபாய். ஆண்டுக்கு 25 சதவீதம் என்ற ஏற்ற இறக்கத்தை ஒரு நாளுக்குச் சுருக்கினால், அதாவது 250 ரூபாயை 365-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால், வருவதும் அதே 13 ரூபாய். எதிர்பார்த்த அசைவுக்கான கூலியைத்தான் பிரீமியம் தருகிறது; அதற்கு மேல் அசைந்தால் விற்றவர் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

எக்ஸ்பயரி நெருங்கும்போது காமா வீங்குகிறது. ஒரே நாள் மீதமிருக்க, பங்கும் ஸ்டிரைக் விலையிலேயே நின்றால், காமா 0.03-ஐத் தொடும். டெல்டா 0.51-இல் இருக்கும், பங்கு பத்து ரூபாய் ஏறினாலே 0.78-க்குத் தாவும், இறங்கினால் 0.23-க்கு விழும். பகலில் என்றால் விற்றவர் அவ்வப்போது பங்குகளைக் கூட்டியும் குறைத்தும் ஈடுகட்டப் பார்ப்பார். இரவில் அது முடியாது. அவரிடம் 510 பங்குகள் இருக்க, மறுநாள் காலை பங்கு 1040-இல் திறக்கிறது என்று கொள்வோம். நேற்று 5 ரூபாய் 30 பைசாவுக்கு இருந்த ஆப்ஷன் 40 ரூபாய் ஆகிவிடுகிறது. பங்குகளின் லாபம் 20,400-ஐக் கழித்தாலும் 14,300 ரூபாய் நஷ்டம். நேற்று அந்த லாட்டுக்குக் கிடைத்திருக்கக்கூடிய மொத்தப் பிரீமியமே 5,300தான்.

மேலே பார்த்த பாதிக் காமா கணக்கு இங்கே பலிக்காது. அது 24,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று சொல்லும். டெல்டா ஒன்றைத் தாண்ட முடியாது என்பதால், பெரிய தாவலில் காமா பாதியிலேயே வற்றிப்போகிறது. சின்ன அசைவுக்கு மட்டுமே அந்தச் சூத்திரத்தை நம்பலாம். தாவலுக்கு ஆப்ஷனை முழுதாக மறுபடி விலைபோட வேண்டும்.