வாரண்டி இருக்கிறது, யாருடைய வாரண்டி?

எங்கள் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அக்காவின் போன் திரையில் கார்த்திகை மாதம் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. ஆடித் தள்ளுபடியில் இணையத்தில் 11,499 ரூபாய்க்கு வாங்கிய போன். வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. கடையைப் பூட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறி, அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டருக்குப் போனார். அங்கே இருந்த பையன் போனின் ஐஎம்இஐ எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வாரண்டி முடிஞ்சிடுச்சுக்கா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அடுத்த வாரம் பில்லை எடுத்துக்கொண்டு மறுபடி போனார். அப்போதும் அதே பதில்தான்.

"பில்லுல ஆறு மாசம்னு போட்டிருக்கே, ஏமாத்துறாங்க பாருங்க" என்று என்னிடம் நீட்டினார். பில்லில் ஆறு மாதம் என்று இருந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சொல்லும் இருந்தது: `Seller Warranty`. விற்றவர் கொடுத்த வாரண்டி அது. பிராண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சர்வீஸ் சென்டர் பையன் சொன்னது சரி. அக்கா தவறான கதவைத் தட்டியிருக்கிறார்.

இந்தத் தவறைச் செய்யாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பொருளின் மேல் ஒரு கம்பெனியின் பெயர் இருந்தால் அதற்கு அந்தக் கம்பெனிதான் பொறுப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அக்கா வாங்கியது `Refurbished` என்ற ரகம். யாரோ வாங்கிப் பயன்படுத்திய போனைச் சரிசெய்து, துடைத்து, வேறு பெட்டியில் போட்டு விற்பது. பிராண்டின் ஒரு வருட வாரண்டி முதல் ஆள் வாங்கியபோதே ஓட ஆரம்பித்துவிட்டது. அக்கா கைக்கு வரும்போது அது முடிந்துபோயிருந்தது. மீதியிருப்பது விற்பனையாளர் தன் பெயரில் எழுதிக் கொடுத்த ஆறு மாதம் மட்டும். வெளிநாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்டு இங்கே வந்து விற்கப்படும் பொருள்களுக்கும், பிராண்ட் அங்கீகரிக்காத விற்பனையாளர் விற்கும் பொருள்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

ஆகவே வாங்கும் முன் பார்க்க வேண்டியது எத்தனை மாதம் என்பதை அல்ல, யார் கொடுக்கிறார் என்பதை. விற்பனைப் பக்கத்தில் `Manufacturer Warranty` அல்லது `Brand Warranty` என்று இருந்தால், கோளாறு வந்தால் பிராண்டின் சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். எந்த ஊர் சென்டராக இருந்தாலும் பரவாயில்லை, விற்ற கடை மூடியே போனாலும் பரவாயில்லை. `Seller Warranty` என்று இருந்தால், விற்றவர் இருக்கும்வரைதான் அந்த வாரண்டிக்கு உயிர். `Warranty` என்று மொட்டையாக இருந்தால் வாங்காதீர்கள், அல்லது எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு வாங்குங்கள். செட்டிங்ஸில் தேட வேண்டாம், போனில் `*#06#` தட்டினாலே ஐஎம்இஐ எண் வரும். பொருள் கைக்கு வந்த அன்றே அந்த எண்ணைப் பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுவிடுங்கள். மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் அன்றைக்கே புகார்.

இதற்கு நடுவில் வாரண்டியா கியாரண்டியா என்று ஒரு குழப்பம். கியாரண்டி என்றால் மாற்றித் தருவார்கள், வாரண்டி என்றால் ரிப்பேர் செய்து தருவார்கள் என்பது கடைத்தெரு வழக்கு. தகராறு என்று வந்தால் அந்தப் பெயரை நம்பி வாதாட முடியாது, கீழே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பேசும். இன்வெர்ட்டர் பேட்டரியில் 36+24 என்று போட்டிருப்பதை ஐந்து வருட கியாரண்டி என்று கடைக்காரர் சொல்லி விற்பார். முதல் 36 மாதத்தில்தான் இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 24 மாதத்தில் புதிய பேட்டரியின் விலையில் ஒரு பகுதி கழிவு கிடைக்கும், மீதியை நீங்கள் கட்ட வேண்டும். நான்காவது வருடம் கடையில் சண்டை போடுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கூட்டல் குறியைப் படிக்காதவர்கள்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். அவருக்கு இன்னும் ஏறக்குறைய இரண்டு மாதம் மிச்சமிருந்தது. ஆனால் சர்வீஸ் சென்டரில் சண்டை போட்டதிலேயே பத்து நாள் போயிருந்தது. தவறான இடத்தில் கேட்ட நாட்களும் வாரண்டிக் கணக்கில்தான் கழிகின்றன. சரியான ஆளுக்கு, கெடுவுக்குள், எழுத்தில் புகார் போய்விட வேண்டும். போனில் பேசியது கணக்கில் வராது. "நாளைக்கு வாங்க" என்று கடைக்காரர் சொன்னதும் கணக்கில் வராது. தேதியோடு நிற்பது மின்னஞ்சலும், புகார் எண்ணும், தபால் சான்றும்தான்.

முதலில் அக்காவை மூன்றாவது முறையாக சர்வீஸ் சென்டருக்கே அனுப்பினேன். இம்முறை சண்டைக்கு அல்ல, ஜாப் ஷீட்டுக்கு. என்ன கோளாறு, வெளியிலிருந்து அடிபட்ட தடமோ தண்ணீர் புகுந்த தடமோ உண்டா, வாரண்டி உண்டா இல்லையா என்று அவர்கள் எழுதித் தரும் தாள் அது. தர மாட்டேன் என்பார்கள். பார்ப்பதற்குக் கட்டணம் கேட்டால் கொடுத்தாவது வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால், நீங்கள்தான் போனைக் கீழே போட்டீர்கள் என்று விற்பனையாளர் சொல்வதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

அடுத்தது, பில்லில் `Sold By` என்ற இடத்தில் உள்ள பெயர். நாம் வாங்கியது பிரபலமான தளத்தில் என்று நினைத்தாலும் பில் போட்டவர் வேறு ஒருவர். அவருக்கும், தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பினோம். வாசகம் இதுதான்:

"இந்தத் தேதியிட்ட, இந்த எண்ணுள்ள பில்லில் தாங்கள் விற்ற, இந்த ஐஎம்இஐ எண் கொண்ட போனுக்குத் தாங்கள் ஆறு மாத விற்பனையாளர் வாரண்டி எழுதிக் கொடுத்துள்ளீர்கள். அந்தக் காலத்துக்குள் திரையில் கோளாறு ஏற்பட்டுள்ளது. சர்வீஸ் சென்டரின் ஜாப் ஷீட்டை இணைத்துள்ளேன். இது பிராண்ட் வாரண்டி அல்ல, தங்கள் வாரண்டி. எனவே தங்கள் செலவில் போனை எடுத்துச் சென்று 15 நாளுக்குள் சரிசெய்து தரவும், முடியாவிட்டால் மாற்றுப் போனோ முழுத்தொகையோ தரவும் கோருகிறேன்."

"இது பிராண்ட் வாரண்டி அல்ல, தங்கள் வாரண்டி" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், கம்பெனி சர்வீஸ் சென்டரை அணுகவும் என்று ஒரு அச்சுப் பதில் வரும், இன்னும் இரண்டு வாரம் ஓடும்.

குறைதீர் அலுவலர் என்று ஒருவர் இருப்பதே பலருக்குத் தெரியாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பனையாளர் காணாமல் போய்விட்டால், அவருடைய முகவரி, மின்னஞ்சல் முதலிய விவரங்களை எழுத்தில் கேட்கும் வாடிக்கையாளருக்குத் தளம் கொடுத்தாக வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. இதைக் கேட்காமல், எடுக்காத எண்ணுக்கு முப்பது முறை போன் செய்கிறோம்.

புதிய பொருளில், பிராண்ட் வாரண்டியோடு, பெட்டியைப் பிரித்ததுமே கோளாறு என்றால் வழி வேறு. கடைக்காரர் சர்வீஸ் சென்டரைக் காட்டுவார், சர்வீஸ் சென்டர் ரிப்பேர் செய்து தருகிறேன் என்னும். ஒத்துக்கொள்ளாதீர்கள். பல பிராண்டுகளில், வந்தபோதே பழுது என்று சர்வீஸ் சென்டர் டிஓஏ சான்று கொடுத்தால், அதை வாங்கிக்கொண்டு கடைக்காரர் புதிதாக மாற்றித் தருவார். அதற்குக் கெடு சில நாட்கள்தான். ஒருமுறை திருப்புளி பட்டுவிட்டால் அது ரிப்பேர் செய்த பொருள், டிஓஏ கிடைக்காது.

நேரில் கடையில் வாங்குகிறவர்கள் பில் போடும்போதே ஒரு வரி எழுதி வாங்குங்கள். "கம்பெனி வாரண்டி உண்டு" என்ற வரி யாரையும் கட்டாது. "பில் தேதியிலிருந்து ஒரு வருடம். கோளாறு வந்தால் பொருளை எங்கள் கடையிலேயே பெற்று, 15 நாளுக்குள் எங்கள் செலவில் சரிசெய்து தருவோம்" என்று எழுதினால் அது கடையின் வாரண்டி. "முதல் 10 நாள் எங்கள் கடை, அதன்பின் கம்பெனி சர்வீஸ் சென்டர்" என்று எழுதினாலும் சரிதான், யாரிடம் போவது என்பது தெளிவாகிவிடுகிறது. கீழே முத்திரையும் கையெழுத்தும் வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்துவிட்டால் தப்பித்தோம் என்று கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். பழுதான பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் கொடுக்காததும் அப்படியே.

எதற்கும் மசியவில்லை என்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழில் பேசலாம். ஆனால் அவர்கள் சமரசம் பேசுகிறவர்கள், உத்தரவு போட அதிகாரமில்லாதவர்கள். அங்கே புகார் கொடுத்ததை வழக்குப் போட்டதாக நினைத்து இரண்டு வருடத்தைக் கோட்டைவிட்டவர்களைத் தெரியும். 1915-இல் புகார் நிலுவையில் இருந்தாலும் வழக்குக்கான கெடு நிற்காது.

வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பில், வாரண்டி வாசகம், ஜாப் ஷீட், அனுப்பிய கடிதம், அது போய்ச் சேர்ந்த சான்று ஆகியவற்றின் நகல்கள் போதும். எதிர்த்தரப்பாக விற்பனையாளரையும் தளத்தையும் சேருங்கள். புதிய பொருளில் வாரண்டி யாருடையது என்று சந்தேகம் இருந்தால் பிராண்டையும் சேருங்கள், ஒருவர் மற்றவரைக் காட்டித் தப்பிக்க முடியாது. மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா வாங்கியே அதை வருடக்கணக்கில் இழுப்பதை ஆணையங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. அதற்காகப் போடாமல் இருக்காதீர்கள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு.

அக்காவுக்கு ஆணையம்வரை போக வேண்டியிருக்கவில்லை. குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் போன இருபத்தாறாம் நாள் 11,499 ரூபாயும் கணக்கில் வந்துவிட்டது. முதல் இரண்டு முறை சர்வீஸ் சென்டருக்கு அலைந்த கூலியும் பஸ் காசும் போனது போனதுதான். போன தீபாவளிக்குக் கடையில் வாங்கிய மிக்ஸியின் பில்லையும் அன்று என்னிடம் காட்டினார். வெப்பத்தாளில் அச்சடித்த பில், எழுத்து முழுக்க வெளிறிவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி இருக்கும் பில்களை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.